நூறு விண்ணப்பம் போட்டும் கிடைக்காத மேஜை வேலை: ஃபைஃப் கவுன்சில் வழக்கு

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஃபைஃப் என்று ஒரு வட்டாரம். அதன் உள்ளாட்சி மன்றமான ஃபைஃப் கவுன்சிலில் 1997-ல் ஒரு பெண்மணி தெரு கூட்டும் வேலையில் சேர்ந்தார். இரண்டு வருடம் வேலை ஒழுங்காகப் போனது. 1999-ல் ஒரு சிறிய அறுவை சிகிச்சை. அதில் ஏற்பட்ட சிக்கலால் அவரால் அநேகமாக நடக்கவே முடியாமல் போய்விட்டது. தெரு கூட்டுவது நாள் முழுக்க நடந்துகொண்டே செய்யும் வேலை. இனி அவரால் அது முடியாது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் தாராளமாகச் செய்வார். அதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

மாற்றுத்திறனாளி ஊழியருக்கு முதலாளி எவ்வளவு தூரம் இறங்கி வரவேண்டும், எந்த இடத்தில் கடமை முடிகிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த வழக்கைத்தான். ஆர்ச்சிபால்ட் எதிர் ஃபைஃப் கவுன்சில், 2004. இதில் வில்லன் கிடையாது. முதலாளி நல்லவிதமாகவே நடந்துகொண்டார், ஆனாலும் சட்டத்துக்கு அது போதவில்லை. ஏன் போதவில்லை என்று புரிந்தால், எது வரைக்கும் செய்தால் போதும் என்பதும் புரிந்துவிடும்.

கவுன்சில் செய்தது

நம் ஊரில் ஒரு தூய்மைப் பணியாளருக்குக் கால் போனால் என்ன நடக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள். ஃபைஃப் கவுன்சில் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. மருத்துவ மதிப்பீடு வாங்கியது. அலுவலக வேலைக்குத் தகுதியானவர் என்று ஏற்றுக்கொண்டது. கம்ப்யூட்டர் உள்ளிட்ட பயிற்சிகளுக்கு அனுப்பியது. கவுன்சிலில் எங்கெல்லாம் காலியிடம் வருகிறதோ அதற்கெல்லாம் அவர் விண்ணப்பிக்கலாம், முதல் கட்டத் தேர்வில் கழித்துவிடாமல் நேராக இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவோம் என்றும் சொன்னது.

அவரும் விண்ணப்பித்தார். ஒன்று இரண்டு அல்ல, நூற்றுக்கும் மேல். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

காரணம் கவுன்சிலின் ஊதியப் படிநிலையில் இருந்தது. தெரு கூட்டுவது உடலுழைப்பு வேலைக்கான ஊதிய வரிசையில் வரும். அலுவலக வேலைகள் வேறொரு வரிசை. அந்த வரிசையின் கடைசிப் படிகூடத் தெரு கூட்டுபவரின் படியைவிடக் கொஞ்சம் மேலே. ஆகவே அவர் எந்த மேஜை வேலைக்குப் போனாலும் ஏட்டளவில் அது பதவி உயர்வு. உயர்வான படிக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் போட்டி இன்டர்வியூவில் முதலாவதாக வரவேண்டும் என்பது கவுன்சிலின் கொள்கை. அதே படியிலோ கீழ்ப் படியிலோ இடம் இருந்திருந்தால் போட்டியில்லாமலே மாற்றியிருப்பார்கள். ஆனால் அந்தப் படிகளில் உட்கார்ந்து செய்யும் வேலை என்று ஒன்றே கிடையாது.

இன்டர்வியூவுக்குப் போனால் எதிரே பல வருடம் ஆபீஸில் குப்பை கொட்டிய ஆட்கள். இவர் கையில் இருப்பது சில மாதப் பயிற்சிச் சான்றிதழ். தெரு கூட்டியவர் என்பதைத் தாண்டி யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று அவருக்குப் பட்டது. கடைசியில், உடல்நிலை காரணமாக வேலை செய்ய இயலாதவர் என்ற அடிப்படையில் 2001 மார்ச்சில் பணி நீக்கம் செய்தார்கள்.

எல்லாருக்கும் ஒரே விதி என்ற வாதம்

அப்போது பிரிட்டனில் அமலில் இருந்தது 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் பாகுபாட்டுத் தடைச் சட்டம். அதன் ஆறாவது பிரிவு சொல்வது இது: முதலாளி செய்து வைத்திருக்கும் ஏற்பாடு எதுவும், ஊனமில்லாதவரோடு ஒப்பிடும்போது ஊனமுற்ற ஊழியரைக் கணிசமாகப் பாதித்தால், அந்தப் பாதிப்பைத் தவிர்க்க நியாயமான நடவடிக்கை எடுப்பது முதலாளியின் கடமை. என்னென்ன செய்யலாம் என்பதற்குச் சட்டமே சில உதாரணங்களும் தருகிறது. வேலை நேரத்தை மாற்றுவது, கருவி வாங்கித் தருவது, வேலையின் ஒரு பகுதியை இன்னொருவருக்குக் கொடுப்பது. அந்த வரிசையில் இன்னொன்று: காலியாக உள்ள வேறொரு பணியிடத்துக்கு மாற்றுவது.

தொழில் தீர்ப்பாயம், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், ஸ்காட்லாந்தின் கோர்ட் ஆஃப் செஷன் என்று மூன்று இடங்களிலும் அவர் தோற்றார். எதிராகச் சொல்லப்பட்ட வாதம் பலவீனமானது அல்ல. இன்றைக்கும் ஹெச்.ஆர். அறைகளில் கேட்கிற வாதம்தான் அது. தெரு கூட்ட நடக்கவேண்டும் என்பது முதலாளி கொண்டுவந்த ஏற்பாடு அல்ல, அந்த வேலையே அதுதான். வேலை செய்ய முடியாதவர் யாராக இருந்தாலும் நீக்கப்படுவார், அதில் ஊனமுற்றவருக்கு மட்டும் என்ன தனிப் பாதிப்பு? போட்டி இன்டர்வியூவும் அப்படியே. எல்லாருக்கும் ஒரே இன்டர்வியூ, ஒரே அளவுகோல். போதாததற்குச் சட்டத்தின் ஆறாவது பிரிவிலேயே, ஊனமுற்றவரை மற்றவரைவிடச் சலுகையாக நடத்தவேண்டிய கட்டாயம் இல்லை என்று ஒரு வரியும் இருந்தது. உள்ளாட்சி வேலைகளுக்குத் தகுதி அடிப்படையில் மட்டுமே ஆள் எடுக்கவேண்டும் என்று 1989-ன் சட்டம் ஒன்று வேறு.

இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று முதல் தடவை படிக்கும்போது எனக்கு உடனே பிடிபடவில்லை. அதனால்தான் மேல் நீதிமன்றம் அதை அவிழ்த்த விதம் மனதில் நிற்கிறது.

பிரபுக்கள் சபை அவிழ்த்த முடிச்சு

அன்றைக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்தது பிரபுக்கள் சபை. ஐந்து நீதிபதிகள் விசாரித்து 2004 ஜூலை 1-ல் ஒருமனதாக அந்தப் பெண்மணிக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னார்கள். பேரனஸ் ஹேல் எழுதிய பகுதியைத்தான் பிற்கால வழக்குகள் அதிகம் எடுத்தாள்கின்றன. பிரபுக்கள் சபை நீதிபதியான முதல் பெண் அவர், அந்த வருடம் ஜனவரியில்தான் பதவிக்கு வந்திருந்தார்.

முதல் முடிச்சு, ‘ஏற்பாடு’ என்ற சொல். தெரு கூட்டுபவரின் வேலை ஒப்பந்தத்தில் எழுதாமலே ஒரு நிபந்தனை இருக்கிறது: எப்போதும் உடலால் அந்த வேலையைச் செய்யக்கூடியவராக இருக்கவேண்டும், இல்லையென்றால் வேலை போகும். ‘இல்லையென்றால் வேலை போகும்’ என்ற அந்தப் பகுதி முதலாளி வைத்த ஏற்பாடு. நடக்க முடிந்த சக தொழிலாளிக்கு இந்தக் கத்தி தலைமேல் தொங்கவில்லை, இவருக்குத் தொங்குகிறது. ஒப்பிடவேண்டியது இவரையும் வேலை செய்ய முடியாத இன்னொருவரையும் அல்ல. இவரையும், வேலை போகும் அபாயமே இல்லாத ஊனமற்ற ஊழியரையும்தான் ஒப்பிடவேண்டும். அப்படிப் பார்த்தால் கடமை அந்த நொடியே பிறந்துவிடுகிறது.

இரண்டாவது முடிச்சு, சலுகை கூடாது என்ற வரி. அந்த வரி எப்படித் தொடங்குகிறது என்று பார்க்கவேண்டும்: ‘இந்தப் பிரிவில் சொன்னதற்கு உட்பட்டு’ என்றுதான். அதாவது இந்தப் பிரிவு கேட்கும் அளவுக்குச் சலுகை காட்டத்தான் வேண்டும். ஆண் பெண் பாகுபாட்டுச் சட்டத்தில் இருவரையும் ஒன்றுபோல நடத்தினால் வேலை முடிந்தது, வித்தியாசம் பொருட்டில்லை. ஊனம் பற்றிய சட்டத்தில் வித்தியாசம்தான் பொருட்டு. அதைக் கணக்கில் எடுக்காமல் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துவதே இங்கே பாதிப்பாக முடியும் என்பது ஹேலின் விளக்கத்தின் சாரம். தகுதி அடிப்படை என்ற 1989 சட்டத்துக்கும் இதே பதில்தான். அந்தச் சட்டமே ஊனமுற்றோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று அதற்குள் எழுதியிருந்தது.

மூன்றாவது, இந்த வழக்கின் உயிர். காலியிடத்துக்கு மாற்றுவது என்றால் அதே படிக்கோ கீழ்ப் படிக்கோ மட்டும்தானா? சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சற்றே மேலான படிக்கு, போட்டி இன்டர்வியூ இல்லாமல் மாற்றுவதும் நியாயமான நடவடிக்கையாக இருக்கலாம். அந்தப் பணியிடத்தை அவரால் செய்ய முடியுமா என்று பார்ப்பது சரி. விண்ணப்பித்த எல்லாரையும்விட அவர் சிறந்தவரா என்று பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லை.

கவுன்சிலின் தவறு இங்கே துலங்குகிறது. பயிற்சி கொடுத்தது, இன்டர்வியூ வாசல் வரை கூட்டிப்போனது, எல்லாம் நிஜம். ஆனால் அவரைத் தடுத்தது பயிற்சிக் குறைவோ இன்டர்வியூ அழைப்பு வராததோ அல்ல. போட்டியில் முதலாவதாக வரவேண்டும் என்ற விதிதான் தடுத்தது. அந்த ஒன்றைத் தொடாமல் மற்ற அத்தனையையும் கவுன்சில் செய்தது. இருபது, முப்பது நிராகரிப்பு வந்தபோதே யாராவது ஒருவர் பட்டியலை எடுத்துப் பார்த்து, ‘எல்லாம் ஒரே இடத்தில்தான் மாட்டுகிறது’ என்று குறித்திருக்கலாம். நல்ல மனதோடு செய்கிற நிறுவனங்களில் நான் பார்க்கும் வழக்கமான சறுக்கலும் இதுவே: செய்ததின் பட்டியல் நீளமாக இருக்கும், தடை இருந்த இடத்தில் மட்டும் கை வைத்திருக்க மாட்டார்கள்.

தீர்ப்பு சொல்லாதவை

இதைப் படித்துவிட்டு, இனி நோய்வாய்ப்பட்டவருக்கு எந்த வேலை வேண்டுமானாலும் கொடுத்தே ஆகவேண்டும் என்று எடுத்துக்கொண்டால் தப்பு. பிரபுக்கள் சபை அவருக்கு வேலை கொடு என்று உத்தரவிடவில்லை. போட்டியில்லாமல் மாற்றுவது இந்தச் சூழ்நிலையில் நியாயமாக இருந்திருக்குமா என்று மறுபடி ஆராயச் சொல்லி வழக்கைத் தீர்ப்பாயத்துக்கே திருப்பி அனுப்பியது. எல்லைகள் தென்படுவது அந்த மறு ஆய்வில்தான்.

காலியிடம் நிஜமாகவே இருக்கவேண்டும். சட்டத்தின் உதாரணம் பேசுவது இருக்கிற காலியிடத்தை. உட்கார்ந்திருக்கும் ஒருவரை எழுப்பிவிட்டு இவரை அமர்த்தச் சொல்லவில்லை. அடுத்து, அந்த வேலையின் மையப் பணியை அவர் செய்யவேண்டும். கொஞ்சம் பயிற்சிக்குப் பிறகு செய்வார் என்றால் பயிற்சியும் கடமையில் சேரும். ஆனால் கணக்காளர் இடம் காலியாக இருக்கிறது என்பதற்காகக் கணக்குப் படிக்காதவரை அங்கே போட வேண்டியதில்லை. ‘சற்றே மேலான படி’ என்பதில் அந்தச் ‘சற்றே’ முக்கியம். நான்கு படி தாண்டி மேலாளர் நாற்காலி கேட்டிருந்தால் கதை வேறு.

அப்புறம் செலவும் இடைஞ்சலும். எந்த அளவுக்கு அந்த நடவடிக்கை பாதிப்பைப் போக்கும், நடைமுறையில் சாத்தியமா, எவ்வளவு செலவு, மற்ற வேலைகள் எவ்வளவு குலையும், முதலாளியின் வசதி என்ன, வெளியிலிருந்து பண உதவி கிடைக்குமா என்று சட்டம் எடைபோடச் சொன்னது. நூற்றுக்கும் மேற்பட்ட காலியிடங்கள் சில மாதங்களில் வந்துபோகும் ஓர் உள்ளாட்சி மன்றத்துக்கு இந்த எடை ஒரு மாதிரி விழும். ஆறு பேர் வேலை செய்யும் அச்சகத்துக்கு வேறு மாதிரி விழும். அச்சக முதலாளி, ‘என்னிடம் மேஜை வேலை ஒன்றுதான், அதில் ஆள் இருக்கிறார்’ என்று சொன்னால் அது சாக்கு அல்ல. உண்மையிலேயே அங்கே கடமை முடிகிறது.

நாள்பட்ட நோயும் விடுப்புக் கணக்கும்

கால் போனால் அது ஒரே தடவை நடப்பது. நாள்பட்ட நோய் அப்படி இல்லை, வரும், போகும். அதனால் தகராறு பெரும்பாலும் விடுப்பில்தான் வந்து நிற்கும். இதற்கு இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-ல் சொன்ன கிரிஃபித்ஸ் தீர்ப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அந்தச் சமயம் 1995 சட்டத்தின் இடத்தில் 2010-ன் சமத்துவச் சட்டம் வந்துவிட்டது. அடிப்படைக் கடமை மாறவில்லை.

அரசுத் துறை ஒன்றின் பெண் ஊழியர். வைரஸ் தாக்குதலுக்குப் பின் வந்த தீராத சோர்வு, ஃபைப்ரோமையால்ஜியா என்ற உடல் வலி நோய். 66 நாள் விடுப்பு, அதில் 62 நாள் இந்த நோயால். அவருக்கான விடுப்பு விதிப்படி பன்னிரண்டு மாதத்தில் எட்டு நாளைத் தாண்டினால் நடவடிக்கை தொடங்கலாம். எழுத்துபூர்வ எச்சரிக்கை கொடுத்தார்கள். அவர் கேட்டது இரண்டு: எச்சரிக்கையைத் திரும்பப் பெறவேண்டும், இனி எனக்கு எட்டு நாளோடு இன்னும் பன்னிரண்டு நாள் சேர்த்து அனுமதிக்கவேண்டும்.

விதி எல்லாருக்கும் பொது, ஆகவே பாதிப்பில்லை என்ற பழைய வாதம் இங்கேயும் வந்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அடிக்கடி விடுப்பு எடுக்க நேரும் நோயாளிக்கு எட்டு நாள் விதி மற்றவர்களைவிட அதிகம் உறுத்தும், அதனால் கடமை பிறக்கிறது என்றது. ஆர்ச்சிபால்ட் வழக்கின் நேர் வாரிசு அந்த வாக்கியம். ஆனாலும் அவர் தோற்றார். கேட்ட இரண்டும் நியாயமான நடவடிக்கை அல்ல என்று தீர்ப்பாயம் முடிவெடுத்திருந்தது, அதில் தலையிட நீதிமன்றத்துக்குக் காரணம் தெரியவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் எனக்கும் அது சரியென்றே படுகிறது. எட்டும் பன்னிரண்டும் இருபது. அவருடைய விடுப்போ 66. இன்னொரு முறை நோய் அப்படி வந்தால் கூடுதல் பன்னிரண்டு நாள் அவரைக் காப்பாற்றாது. நோயால் எடுத்த விடுப்பு அத்தனையையும் கணக்கிலேயே சேர்க்காதே என்றால், விடுப்புக்கு எல்லையே இல்லை என்றாகும். கேட்கும் ஏற்பாடு தடையை நிஜமாகவே நீக்கவேண்டும், நீக்கினால் வேலைக்கு வரமுடியவேண்டும். சோர்வு நோயாளிக்கு இதைவிட உதவக்கூடியவை எத்தனையோ இருக்கின்றன: காலை பத்தரைக்குத் தொடங்கும் ஷிப்ட், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, நீண்ட விடுப்புக்குப் பின் பாதி நேரமாக ஆரம்பித்து மெல்ல மெல்ல முழு நேரத்துக்குப் போவது. இவையெல்லாம் ஆளை வேலைக்குக் கொண்டுவரும்.

சம்பள விஷயத்திலும் கோடு ஏறக்குறைய இதே இடத்தில்தான் விழுகிறது. 2007-ன் ஓஹன்லன் வழக்கில் மனச்சோர்வு நோயுள்ள வரித்துறை ஊழியர், விடுப்புச் சம்பளம் பாதியாகக் குறைந்த பிறகும் முழுச் சம்பளம் வேண்டும் என்று கேட்டார். துறையின் விதி நான்கு வருடக் கணக்கில் 26 வாரம் முழுச் சம்பளமும் அடுத்த 26 வாரம் பாதிச் சம்பளமும் தரும். இந்தச் சட்டம் மனிதர்களை வேலைக்குத் திரும்ப வைப்பதற்கானது, வராத நாளுக்குச் சம்பளத்தைக் கூட்டுவதற்கானதல்ல என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். மறுபுறம் 2016-ன் பவல் வழக்கைப் பாருங்கள். ஏ.டி.எம். இயந்திரங்களைப் பராமரிக்கும் இன்ஜினீயர், முதுகு பாதிக்கப்பட்டு எடை தூக்க முடியாமல் போனது. இன்ஜினீயர்களுக்குச் சாவியும் உதிரிப்பாகமும் கொண்டுபோய்க் கொடுக்கும் இலேசான வேலைக்குப் பழைய சம்பளத்திலேயே மாற்றினார்கள். ஒரு வருடம் போல் கழித்து, இந்த வேலைக்குப் பத்து சதவீதம் குறைத்துத்தான் தருவோம் என்றார்கள். ஒப்புக்கொள்ளாததால் நீக்கினார்கள். பழைய சம்பளத்தைத் தொடர்வதும் அங்கே நியாயமான ஏற்பாடே என்று தீர்ப்பு வந்தது, முதலாளி வசதியுள்ள பெரிய நிறுவனம் என்பதும் சேர்ந்து. இந்த இன்ஜினீயர் தினம் வேலைக்கு வருகிறார் என்பதுதான் இரண்டு வழக்குக்கும் உள்ள வித்தியாசம். இது எப்போதும் நடக்கிற சங்கதி அல்ல, நிலைமை மாறினால் ஒருநாள் இந்த ஏற்பாடு நியாயமற்றதாகவும் ஆகலாம் என்று அந்தத் தீர்ப்பாயமே சேர்த்துச் சொன்னது.

இந்தியாவில் இதே பெண்மணி இருந்திருந்தால்

அரசு ஊழியராக இருந்தால் அவர் நிலை ஸ்காட்லாந்தைவிடப் பலமாகவே இருந்திருக்கும். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20-ன் நான்காம் உட்பிரிவு: பணிக்காலத்தில் ஊனமடைந்த ஊழியரை எந்த அரசு நிறுவனமும் நீக்கக்கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலைக்குப் பொருந்தவில்லையென்றால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணியிடத்துக்கு மாற்றவேண்டும். அதற்கும் இடமில்லையென்றால், பொருத்தமான இடம் வரும் வரையோ ஓய்வு பெறும் வரையோ அவருக்கென்றே ஒரு கூடுதல் பணியிடத்தில் வைத்துக்கொள்ளலாம். 1995-ன் பழைய சட்டத்தில் இது 47-ஆம் பிரிவாக இருந்தது. பணியின்போது காயம்பட்டு இடது காலை இழந்த ஒரு காவலரை, மருத்துவ ஓய்வூதியம் கொடுத்தாயிற்று என்று சொல்லி அனுப்பியதை 2003-ல் குணால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது இந்தப் பிரிவை வைத்துத்தான். அரசுப் பேருந்து ஓட்டுநர்களுக்குப் பார்வை குறைந்தாலோ கை கால் போனாலோ ‘மாற்றுப் பணி’ கேட்டு எழுதுகிறார்களே, அந்த உரிமையின் வேரும் இதுவே.

பிரிட்டனில் எல்லையாக நிற்கும் காலியிடம் உண்டா என்ற கேள்வி இங்கே கிட்டத்தட்ட எழவே எழாது. அதே ஊதிய விகிதம் காப்பாற்றப்படுவதால் ஃபைஃப் கவுன்சிலில் வந்த படி பற்றிய சண்டையும் இல்லை.

தனியார் கம்பெனி என்றால் நிலம் காலடியில் மெலிந்துவிடுகிறது. நியாயமான ஏற்பாடு என்பதற்கு அந்தச் சட்டத்தின் பிரிவு 2 விளக்கம் தருகிறது: தேவையான, பொருத்தமான மாற்றங்கள், ஆனால் அளவுக்கு மீறிய சுமை ஆகாதபடி. ஆனால் வேலையிடத்தில் அதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று 20-ஆம் பிரிவு நேரடியாகக் கட்டளையிடுவது அரசு நிறுவனத்துக்கு மட்டும். தனியாருக்குச் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிடும் கடமை இருக்கிறது. ஊனத்தின் பேரால் பாகுபாடு கூடாது என்ற பொது விதியும் இருக்கிறது. சட்டத்தை முதல் முறை மீறினால் அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரை. இந்த இடைவெளி எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. வேலைகளில் பெரும் பகுதி இருப்பது தனியாரிடம்.

நாள்பட்ட நோய்க்காரருக்கு இன்னொரு சிக்கல். சட்டத்தின் அட்டவணையில் 21 வகை உண்டு. பார்க்கின்சன், மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ், ஹீமோஃபீலியா, தலசீமியா எல்லாம் அதில் வரும். சிறுநீரகச் செயலிழப்போ சர்க்கரை நோயோ பட்டியலில் இல்லை. வாரம் மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ் போகிறவர் ‘எனக்கு ஷிப்ட் மாற்றிக் கொடுங்கள்’ என்று கேட்டால், நீங்கள் பட்டியலில் இல்லையே என்ற பதில் முதலில் வரும். அதற்கு மறுபதில் கொஞ்சமாவது உண்டு. மாற்றுத்திறனாளி என்பதற்கான பொது விளக்கம் அட்டவணையைவிட அகலமானது: நீண்ட கால உடல், மனக் குறைபாடு, அது வெளித் தடைகளோடு மோதும்போது சமமான பங்கேற்பைத் தடுப்பது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நரம்புக் கோளாறு உள்ள தேர்வர் ஒருவரின் வழக்கில், 2021-ல் விகாஷ் குமார் தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் இந்த அகலமான விளக்கத்தையே எடுத்துக்கொண்டது. நியாயமான ஏற்பாடு கேட்க 40 சதவீத ஊனம் என்ற சான்றிதழ் இருந்தாக வேண்டும் என்பதில்லை என்றது. அது தேர்வில் தனக்காக விடை எழுத ஒருவரை வைத்துக்கொள்வது பற்றிய வழக்கு, வேலையிட வழக்கு அல்ல. ஆனாலும் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு.

அந்த டயாலிசிஸ் ஊழியருக்கு நான் சொல்வது, கடிதத்தை ஃபைஃப் வழக்கின் வரிசையில் எழுதுங்கள் என்பதுதான். எந்த விதி இடிக்கிறது என்று முதலில் குறிப்பிடவேண்டும்: உதாரணமாக, எல்லாரும் மூன்று ஷிப்டிலும் சுழலவேண்டும் என்ற விதி. அது ஏன் உங்களை மட்டும் அதிகம் பாதிக்கிறது என்று மருத்துவரின் அட்டவணையோடு காட்டவேண்டும். அந்தத் தடையை நீக்கும் ஒரே ஒரு மாற்றத்தைக் கேட்கவேண்டும்: நிரந்தரக் காலை ஷிப்ட், செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் டயாலிசிஸ். அந்த மாற்றம் கிடைத்தால் எத்தனை நாள் முழுதாக வேலைக்கு வரமுடியும் என்று கடைசியில் எழுதவேண்டும். ‘கருணையோடு பரிசீலிக்கவும்’ என்ற வரி அந்தக் கடிதத்தில் தேவையில்லை. ‘நிரந்தரக் காலை ஷிப்டில் ஆள் அதிகமாகிவிடும், இரவில் மெஷினுக்கு ஆள் இல்லை’ என்று கம்பெனி பதில் சொல்லலாம். அது நிஜமான எண்ணிக்கையோடு வந்தால் மதிக்கவேண்டிய பதில். ‘உங்களுக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள்’ என்று வந்தால், ஃபைஃப் கவுன்சில் சொன்னதன் மறுபதிப்பு.

இந்தியச் சட்டங்களில் ஒன்று இந்தப் பதிலைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்கிறது. 2017-ன் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், பிரிவு 3. எச்.ஐ.வி. உள்ள ஊழியரை நீக்கவேண்டும் என்றால் முதலாளி அவர் கையில் இரண்டு தாள் கொடுக்கவேண்டும். ஒன்று, தகுதியுள்ள சுயேச்சையான மருத்துவ நிபுணரின் எழுத்துபூர்வ மதிப்பீடு. மற்றொன்று, நியாயமான ஏற்பாடு செய்து தர முடியாததற்கு நிர்வாக ரீதியாகவோ பண ரீதியாகவோ தனக்குள்ள கஷ்டம் என்ன, எவ்வளவு என்று முதலாளியே எழுதிய அறிக்கை. டயாலிசிஸ் ஊழியருக்கு அந்த இரண்டாவது தாளைக் கேட்டு வாங்கச் சட்ட உரிமை இன்னும் இல்லை. கடிதத்தின் முடிவில், ‘மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்’ என்று ஒரு வரி சேர்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.